ஒரே லோடிங் டாக், 60 ஸ்டால்கள்: யாருக்கு எப்போது ஸ்லாட் கொடுப்பது?

புதுஅரங்கு:
எங்கள் சங்கம் நடத்தும் தொழில் கண்காட்சியில் இந்த முறை செட்டப் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. மொத்தம் 60 ஸ்டால்கள். ஹாலின் பின்சுவரில் ஒரே ஒரு லோடிங் டாக்தான் இருக்கிறது, ஒரு நேரத்தில் ஒரு லாரிதான் ஒட்டி நிற்க முடியும். டாக்கை ஒட்டி ஒரு சாய்தளம் உண்டு. ஆனால் அதில் ஏறி வந்தாலும் அதே ஷட்டர் வழியாகத்தான் உள்ளே நுழைய வேண்டும். பக்கச் சுவரில் தரைமட்டத்தில் ஒரு கதவு இருக்கிறது, அகலம் ஒரு மீட்டரைவிடக் கொஞ்சம் அதிகம்.

செட்டப்புக்கு இரண்டு நாள் கிடைத்திருக்கிறது, காலை 8 முதல் இரவு 8 வரை. அதாவது 24 மணி நேரம். 60 ஸ்டாலுக்குப் பிரித்தால் தலைக்கு 24 நிமிடம் வருகிறது. யார் முதலில் பதிவு செய்தார்களோ அவர்களுக்கு முதல் ஸ்லாட் என்று பட்டியல் போடலாம் என நினைத்திருக்கிறேன். மூன்று ஸ்டால்களில் கனமான இயந்திரங்கள் வருகின்றன, மற்றவை வழக்கமானவை. இந்தப் பட்டியல் தாங்குமா? இதை நடத்திப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

நேர்கோடு:
பதிவு வரிசையை விடுங்கள். டாக்கிலிருந்து தூரமாக இருக்கும் ஸ்டால் முதலில் வர வேண்டும், பக்கத்தில் இருப்பது கடைசியில். பக்கத்து ஸ்டால்காரர் முதலில் வந்து நடைவழியில் சாமானைப் பரப்பிவிட்டால், பின்னால் இருப்பவருக்கு வழியே இருக்காது. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் போதும், பிரச்சினை தீர்ந்தது. நாங்கள் சிறிய அரங்குகளில் எப்போதும் இப்படித்தான் செய்கிறோம்.

வாசல்படி:
டாக்குக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டால்களை யாருக்கு ஒதுக்குவது என்றுதானே கேட்கிறீர்கள்? குலுக்கல் போடுவதுதான் நியாயம். பின்பக்க ஸ்டாலுக்குப் பார்வையாளர் வரத்து குறைவு, அதனால் வாடகையிலும் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள்.

புதுஅரங்கு:
இல்லை ஐயா, ஸ்டால் இடங்கள் எல்லாம் ஏற்கெனவே ஒதுக்கியாகிவிட்டது. சரக்கு எந்த நேரத்தில் உள்ளே வர வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

டாக்காவலர்:
நான் பல வருடங்களாக டாக் மேற்பார்வையில் இருக்கிறேன். உங்கள் 24 நிமிடக் கணக்கு நடைமுறையில் நிற்காது. காரணத்தைச் சொல்கிறேன்.

நீங்கள் ஸ்டால்களை எண்ணியிருக்கிறீர்கள். டாக்குக்கு வருவது ஸ்டால் இல்லை, வண்டி. ஒரு ஸ்டாலுக்கு இரண்டு லாரி வரலாம், இன்னொரு ஸ்டால்காரர் கையில் இரண்டு பெட்டியோடு முன்வாசல் வழியாகவே வந்துவிடுவார். அதனால் முதலில் எல்லோருக்கும் ஒரு படிவம் அனுப்புங்கள். எத்தனை வண்டி, என்ன வண்டி, எத்தனை உருப்படி, அதில் மிகப் பெரியதன் அளவும் எடையும் என்ன, ஸ்டாலைக் கட்டி முடிக்க எத்தனை மணி நேரம் ஆகும். இவ்வளவு கேட்டால் போதும்.

படிவம் வந்த பிறகு ஒவ்வொரு வண்டிக்கும் டாக் நிமிடம் போடுங்கள். வண்டி டாக்கில் ஒட்டியதிலிருந்து அது விலகும் வரை ஆகும் நேரம்தான் அது. அதோடு ஒவ்வொரு வண்டிக்கும் 5 நிமிடம் தனியாகச் சேர்க்க வேண்டும். ஒரு லாரி வெளியேறி அடுத்தது பின்னால் எடுத்து ஒட்டுவதற்குள் அவ்வளவு ஆகிவிடும். இந்த 5 நிமிடத்தைப் பட்டியலில் போடாமல் விட்டால், மதியத்துக்குள் ஒரு மணி நேரம் பின்தங்கிப் போவீர்கள். ஏன் தாமதம் என்று உங்களுக்கே புரியாது, ஏனென்றால் எந்த வண்டியும் தன் நேரத்தைத் தாண்டியிருக்காது.

இன்னொன்று. உங்கள் ஸ்டால் அமைப்பாளரின் சட்டங்கள், கம்பளச் சுருள்கள், வாடகை மேசை நாற்காலி, மின்பகிர்வுப் பெட்டிகள் எல்லாம் எப்போது வருகின்றன? அவையும் இதே டாக் வழியாகத்தான் வர வேண்டும். முதல் நாள் காலை 8 மணிக்குள் அவை உள்ளே இருந்தாக வேண்டும்.

புதுஅரங்கு:
நன்றி ஐயா. அமைப்பாளரின் சரக்கு முந்தைய நாள் மாலையே வந்துவிடும், அதை அரங்கத்தார் ஒப்புக்கொண்டார்கள். படிவத்தை இன்றே அனுப்புகிறேன்.

சிறுதறி:
இதைப் படித்ததும் எனக்கு மனசு கொதிக்கிறது. நான் கைத்தறிப் பொருட்களோடு ஒரு சிறிய வேனில் போகும் ஆள். போன கண்காட்சியில் காலை 9 மணிக்கு ஸ்லாட் கொடுத்தார்கள். எனக்கு முன்னால் ஒரு பெரிய லாரி டாக்கில் நின்றது. இறக்கி முடித்த பிறகும் அங்கேயே நின்றது, ஓட்டுநர் எங்கோ போயிருந்தார். நான் உள்ளே போனபோது மதியம் ஒரு மணி. எனக்கு இறக்க வேண்டியது பத்துப் பெட்டிதான். சிறிய வண்டிகளை ஏன் முதலில் விட்டுவிடக் கூடாது? பத்து நிமிடத்தில் முடிந்துவிடுமே.

நேர்கோடு:
அக்கா, எல்லாச் சிறிய வண்டியும் முதலில் போனால் உள்ளே இருக்கிற நடைவழி முழுக்க அட்டைப்பெட்டியாகத்தான் கிடக்கும். அப்புறம் பெரிய லாரியின் சரக்கை எங்கே இழுத்துப் போவது?

லாரித்தடம்:
ஓட்டுநர் தரப்பிலிருந்து இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, அந்தச் சகோதரியின் வேன் டாக்குக்கே போயிருக்கக் கூடாது. டாக்கின் உயரம் பொதுவாக 1.2 மீட்டர் அளவில் இருக்கும், லாரியின் தளத்துக்குச் சரியாக வரும்படி கட்டியது. சிறிய வேனின் தளம் அதில் பாதி உயரம்தான். டாக்கில் போய் ஒட்டினால் ஒவ்வொரு பெட்டியையும் கீழிருந்து மேலே தூக்கிக் கொடுக்க வேண்டும். டாக்கில் மேலும் கீழும் இறங்கும் இரும்புப் பலகை இருந்தாலும் அவ்வளவு பள்ளத்துக்கு எட்டாது. வேனுக்குச் சாய்தளமோ பக்கக் கதவோதான் சரி.

இரண்டாவது, வண்டி பெரிதா சிறிதா என்பதை மட்டும் வைத்து நேரம் போடாதீர்கள். சரக்கு பேலட்டில் கட்டி வந்திருக்கிறதா, உதிரியாக அடுக்கி வந்திருக்கிறதா என்று கேளுங்கள். பத்து பேலட் என்றால் ஃபோர்க்லிஃப்ட் வைத்து அரை மணிக்குள் இறக்கிவிடலாம். அதே சரக்கு உதிரிப் பெட்டியாக இருந்தால் நாலு லோடுமேன் சேர்ந்தாலும் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். லாரி ஒன்றுதான், நேரம் இரண்டு மடங்கு. ஸ்லாட் பட்டியல் போடுபவர்கள் பலர் இதைக் கேட்பதே இல்லை. பிறகு ஓட்டுநர் தாமதம் செய்தார் என்று எங்கள் தலையில் போடுகிறார்கள்.

டாக்காவலர்:
லாரித்தடம் சொல்வது முழுக்கச் சரி. படிவத்தில் ‘பேலட்டா, உதிரியா’ என்ற கேள்வியையும் சேர்த்துவிடுங்கள்.

சகோதரி சிறுதறி, உங்களைக் காக்க வைத்தது பெரிய லாரியின் அளவு இல்லை. இறக்கிய பிறகும் அது அங்கேயே நின்றதுதான். ‘கடைசி உருப்படி இறங்கியதும் வண்டி நகர வேண்டும், ஓட்டுநர் இருக்கையை விட்டு வெகுதூரம் போகக் கூடாது’ என்பதை நுழைவுச் சீட்டிலேயே அச்சடிக்க வேண்டும். இறக்கிய சரக்கைப் பிரித்துப் பார்ப்பதும் எண்ணுவதும் டாக் மேல் நடக்கவே கூடாது. உள்ளே ஷட்டருக்குப் பக்கவாட்டில் ஒரு காலி இடம் ஒதுக்கி, எல்லாவற்றையும் அங்கே தள்ளிவிட்டு வண்டியை அனுப்ப வேண்டும். அங்கிருந்து ஸ்டாலுக்குக் கொண்டுபோவதை அவர்கள் தங்கள் நேரத்தில் பார்த்துக்கொள்ளட்டும்.

புதுஅரங்கு:
படிவங்கள் எல்லாம் வந்துவிட்டன. 12 பேருக்கு வண்டியே தேவையில்லை, கையில் கொண்டுவருகிறார்கள். மீதி 48 பேருக்கும் ஆளுக்கு ஒரு வண்டி. அதில் பெரிய லாரி 8, நடுத்தர லாரி 18, வேன் 22. லாரித்தடம் ஐயா சொன்னபடி பேலட்டையும் உதிரியையும் பிரித்துப் பார்த்து, சராசரியாகப் பெரிய லாரிக்கு 60 நிமிடம், நடுத்தரத்துக்கு 30, வேனுக்கு 15 என்று வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் அந்த 5 நிமிடத்தையும் சேர்த்தால் மொத்தம் 1,590 நிமிடம் வருகிறது. என்னிடம் இருப்பது 1,440. இடமே இல்லை! அரங்கத்தை மாற்றும் நிலையிலும் நாங்கள் இல்லை. என்ன செய்வது?

டாக்காவலர்:
பயப்படாதீர்கள். இந்தக் கணக்கு இப்போது தெரிந்தது நல்லது. செட்டப் நாளில் தெரிந்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்ப்போம்.

முதலில் வேன்கள். பக்கக் கதவு வழியாக டிராலியில் போகக்கூடிய சரக்கு எத்தனை வேனில் இருக்கிறது என்று படிவத்தில் பாருங்கள். 10 வேன் அப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 20 நிமிடம் வீதம் 200 குறையும், 1,390 ஆகும்.

அடுத்து நடுத்தர லாரிகள். 18 பேரில் ஒரே ஊர்ப்பக்கத்திலிருந்து வருபவர்கள் இருப்பார்கள். 12 பேரின் சரக்கை ஒரு சரக்குப் போக்குவரத்துக்காரர் சேகரித்து, பேலட் கட்டி, 4 பெரிய லாரியில் கொண்டுவந்தால் 12 வண்டிக்கான 420 நிமிடம் போய் 260 வரும். 160 மிச்சம். மொத்தம் 1,230.

கடைசியாக, டாக்கை இரண்டு நாளும் காலை 6 மணிக்குத் திறக்கச் சொல்லுங்கள். இரவில் நீட்டிப்பதைவிட இது நல்லது. காலையில் ஆட்கள் களைப்பில்லாமல் இருப்பார்கள், ஹாலும் காலியாக இருக்கும். 1,680 நிமிடம் கிடைக்கும். அதில் 1,230 என்றால் சுமார் 73 சதவீதம்.

1,390-ஐ 1,440-க்குள் அடைத்துவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். அடைக்க முடியாது. வண்டி முன்னே பின்னே வரும், இறக்கும் நேரமும் கூடும் குறையும். டாக் 80 சதவீதம் நிரம்பியிருக்கும்போது இருக்கும் காத்திருப்பு, 90 சதவீதத்தில் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். வரிசை நேராக ஏறாது, கடைசியில் செங்குத்தாக ஏறும். நான் 80-க்கு மேல் எந்தப் பட்டியலையும் ஒப்புக்கொள்வதில்லை.

லாரித்தடம்:
சாய்தளத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்? டாக்கில் லாரி நிற்கும்போதே சாய்தளத்தில் ஒரு வேன் இறக்கலாமே. அது பாதி டாக் மாதிரிதான். மீதி 12 வேனும் அப்படியே முடிந்துவிடும், பட்டியலில் எழுதவே தேவையில்லை.

டாக்காவலர்:
நான் அப்படிக் கணக்கில் எடுக்க மாட்டேன். ஷட்டர் ஒன்றுதான் என்று அவர் எழுதியிருக்கிறார். ஃபோர்க்லிஃப்ட் பேலட்டோடு முன்னும் பின்னும் போய்க்கொண்டிருக்கும் அதே வாசலில் ஒருவர் டிராலியைத் தள்ளிக்கொண்டு வருவது ஆபத்து. பேலட்டைத் தூக்கியிருக்கும்போது ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவருக்கு முன்னால் இருப்பது சரியாகத் தெரியாது.

லாரித்தடம்:
உதிரிச் சரக்கு லாரி நிற்கும்போது ஃபோர்க்லிஃப்ட் ஓடாதே. அந்த நேரத்தில் வேனை விடலாம். பல இடங்களில் நான் கண்ணால் பார்த்தது இது.

டாக்காவலர்:
அந்த நேரத்தில், ஷட்டரில் ஒரு ஆள் நின்று கைகாட்டினால், சரி. ஆனால் பட்டியலில் எழுதி வாக்குக் கொடுக்காதீர்கள். கிடைத்தால் லாபம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தச்சுப்பட்டறை:
நான் ஸ்டால் கட்டுகிறவன். நிமிடக் கணக்கு எல்லாம் சரி, வரிசையைப் பற்றி யாரும் சரியாகப் பேசவில்லை. தூரத்து ஸ்டால் முதலில் என்று நேர்கோடு சொன்னது பாதிதான் சரி.

அந்த மூன்று இயந்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோர்க்லிஃப்ட் பேலட்டோடு நடைவழியிலிருந்து ஸ்டாலுக்குள் நேர்க்கோணமாகத் திரும்ப வேண்டும். சாதாரண ஃபோர்க்லிஃப்டுக்கு அதற்கு மூன்றரை மீட்டர், சில சமயம் அதற்கும் மேல் இடம் வேண்டும். உங்கள் நடைவழி எவ்வளவு அகலம்? 3 மீட்டராக இருந்தால், அது எதிர் ஸ்டாலின் இடத்துக்குள் பின்பக்கத்தை விட்டுத்தான் திரும்ப முடியும். எதிர் ஸ்டாலில் ஏற்கெனவே சுவர் நிற்கிறது என்றால் முடிந்தது கதை. இயந்திரம் டாக்குக்குப் பக்கத்தில் இருக்கிறதா தூரத்தில் இருக்கிறதா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி. இயந்திரம் முதலில் வர வேண்டும், அதன் எதிரும் பக்கமும் இருக்கிற ஸ்டால்கள் அது உட்கார்ந்த பிறகுதான் வர வேண்டும். அமைப்பாளரிடமும் சொல்லுங்கள், அந்த இடங்களில் முந்தைய நாள் மாலையே தட்டிச் சுவர் நட்டுவிடப் போகிறார்.

அடுத்தது கட்டும் நேரம். எனக்கு ஒரு ஸ்டால் கட்ட மரவேலை, பட்டி, பெயின்ட், விளக்கு என்று பதினான்கு மணி நேரம் வேண்டும். அது டாக்குப் பக்கத்து ஸ்டால் என்பதற்காக இரண்டாம் நாள் மாலை ஸ்லாட் கொடுத்தால் நான் எப்போது கட்டுவது? இரண்டாம் நாள் இரவு ஹால் மூடும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஒவ்வொருவரும் எந்த நேரத்துக்குள் சரக்கைக் கையில் வாங்கியாக வேண்டும் என்று தெரிந்துவிடும். தூரம், பக்கம் எல்லாம் அதற்குள் பார்த்துக்கொள்ள வேண்டியது.

நேர்கோடு:
அண்ணா, நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொண்டாலும், முதல் நாளே டாக்குப் பக்கத்தில் பதினான்கு மணி நேர மரவேலை ஆரம்பித்தால் நடைவழி அடைபடும் என்ற என் பேச்சு அப்படியே இருக்கிறதே. அதற்கு என்ன பதில்?

தச்சுப்பட்டறை:
அடைபடத்தான் செய்யும், நீங்கள் சொல்வது உண்மை. மரத்தையும் பலகையையும் ஸ்டால் எல்லைக்குள்ளேயே அடுக்கச் சொல்ல வேண்டும், நடைவழியில் ஒரு கோடு ஒட்டி அதைத் தாண்டக் கூடாது என்று கண்டிப்பாக நிற்க வேண்டும். ஆறு மீட்டர் ஸ்டாலில் அது முடியும். மூன்று மீட்டர் ஸ்டாலில் எங்களால் முடியாது, வெளியே வைத்துத்தான் அறுக்க வேண்டும். அப்படிப்பட்ட ஸ்டாலுக்குப் பலகைகளை முன்கூட்டியே அறுத்து, பெயின்ட் அடித்து, உள்ளே வந்து பூட்ட மட்டும் செய்யுமாறு நிபந்தனை போடலாம்.

புதுஅரங்கு:
நடைவழி சரியாக 3 மீட்டர். இயந்திர ஸ்டால்களில் ஒன்று டாக்கிலிருந்து நாலாவது, மற்ற இரண்டும் ஹாலின் மறுகோடியில். உங்கள் பதிலைப் பார்த்த உடனே அமைப்பாளரைக் கூப்பிட்டேன். அந்த மூன்றுக்கும் எதிரே இருக்கும் ஸ்டால்களுக்குச் சுவர் நடுவதை முதல் நாள் 10 மணிக்குத் தள்ளிவைத்தார்.

இப்போது பட்டியல் இப்படி வந்திருக்கிறது. முதல் நாள் 6 மணிக்கு மறுகோடி இயந்திரங்கள் இரண்டு, பிறகு நாலாவது ஸ்டால் இயந்திரம். மூன்றும் பெரிய லாரி, ஆகவே 9:15-க்கு முடியும். 9:15 முதல் 9:45 வரை காலியாக விட்டிருக்கிறேன். அதன் பிறகு அதிக நேரம் கட்ட வேண்டியவர்கள், மறுகோடியிலிருந்து டாக் நோக்கி. இரண்டாம் நாள் காலையில் நடுத்தரமானவை, அதன் பிறகு வேன்கள். சுமார் மூன்று மணி நேரத்துக்கு ஒரு அரை மணி காலி ஸ்லாட்.

இதில் எனக்கு ஒரு சிக்கல். சேர்த்து அனுப்பும் 4 லாரிகளிலும் மறுகோடி ஸ்டால் சரக்கும் பக்கத்து ஸ்டால் சரக்கும் கலந்து வரும். அதை எந்த நேரத்தில் விடுவது?

லாரித்தடம்:
ஏற்றும்போதே சொல்லிவிடுங்கள். முதலில் இறங்க வேண்டியது கடைசியில் ஏற வேண்டும். மறுகோடி ஸ்டால்களுக்கு ஒரு லாரி, டாக் பக்கத்துக்கு ஒரு லாரி என்று பிரித்து ஏற்றச் சொன்னால் இன்னும் நல்லது. போக்குவரத்துக்காரர் இடம் மிச்சம் பிடிக்கக் கலந்துதான் ஏற்றப் பார்ப்பார், அரங்க வரைபடத்தை அவர் கையில் கொடுத்துவிட்டால் மறுக்க மாட்டார்.

சிறுதறி:
தாமதமாக வருபவர்களை என்ன செய்வீர்கள்? வெளியூரிலிருந்து வரும் எங்களுக்கு வழியில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். பத்து நிமிடம் பிந்தினால் கடைசிக்குத் தள்ளிவிட்டால் அது அநியாயம்.

டாக்காவலர்:
பதினைந்து நிமிடம் வரை பொறுக்கலாம். அதைத் தாண்டினால் அடுத்த காலி ஸ்லாட், அதுவும் போய்விட்டால் அன்றைய கடைசி. வந்தவுடன் இடையில் நுழைக்க ஒப்புக்கொண்டால், நேரத்துக்கு வந்து நிற்பவர் தலையில் உங்கள் தாமதத்தைக் கட்டியது போல் ஆகும். ஆனால் பாதி வழியிலேயே தொலைபேசியில் சொல்பவருக்கும் சொல்லாமல் வருபவருக்கும் நான் வித்தியாசம் காட்டுவேன். முன்கூட்டிச் சொன்னால் பின்னால் இருப்பவரோடு ஸ்லாட்டை மாற்றிக் கொடுக்க எனக்கு நேரம் கிடைக்கும், டாக் ஒரு நிமிடம்கூடச் சும்மா நிற்காது.

சீக்கிரம் வருபவர்கள்தான் இதைவிடப் பெரிய தொல்லை. எட்டு மணி ஸ்லாட்டுக்கு ஆறு மணிக்கே வந்து டாக்கின் வாசலில் நின்றுகொள்வார்கள், உள்ளே இருக்கும் லாரி வெளியேற வழி இருக்காது. வண்டிகள் தள்ளி ஓர் இடத்தில் நிற்க வேண்டும், முன்னால் உள்ள வண்டியில் கடைசிச் சில பேலட் இருக்கும்போது வாக்கி டாக்கியில் சொல்லி அடுத்ததை வரவழைக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு இடம் எங்கே இருக்கிறது என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

லாரித்தடம்:
அந்த இடத்தில் தண்ணீரும் கழிப்பறையும் வேண்டும். இரவெல்லாம் ஓட்டி வந்து மூன்று மணி நேரம் நிற்கும் ஆளுக்கு அது இல்லை என்றால், அவர் வண்டியை விட்டு எங்கேயாவது தேடிப் போவார். கூப்பிடும்போது ஆள் இருக்க மாட்டார். சிறுதறி சகோதரி காத்துக்கிடந்தது அப்படிப்பட்ட ஒருவருக்காகவும் இருக்கலாம்.

தச்சுப்பட்டறை:
காலிப்பெட்டிகளை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். இயந்திரம் வந்த மரப்பெட்டி, கண்ணாடி வந்த சட்டம், பேலட்டுகள். முதல் நாள் மாலைக்குள் நடைவழி முழுக்க அவைதான் நிற்கும். அவற்றை வைக்க ஹாலுக்குள் இடம் இருக்கிறதா, வெளியே போக வேண்டுமா?

புதுஅரங்கு:
வெளியே ஒரு கொட்டகை இருக்கிறது. டாக் வழியாகத்தான் போக வேண்டும்.

டாக்காவலர்:
அப்படியானால் தினமும் மாலை ஒரு மணி நேரம் டாக்கை அதற்கென்று மூடுங்கள். இரண்டு நாளுக்கு 120 நிமிடம். 1,230 இப்போது 1,350 ஆகிறது, 73 சதவீதம் 80-க்கு வந்து நிற்கிறது. என் எல்லை அதுதான், அதனால் இனிமேல் யாராவது ‘இன்னொரு வண்டி மட்டும்’ என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுங்கள். தச்சுப்பட்டறைக்கு நன்றி, இதை நான் முன்பே கேட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு காலிப்பெட்டியிலும் ஸ்டால் எண்ணை இரண்டு பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். எண் இல்லாத பெட்டியைக் கலைக்கும் நாளில் தேடி எடுப்பது பெரும்பாடு.

வாசல்படி:
நான் முதலில் தவறாகப் புரிந்துகொண்டேன், பரவாயில்லை. ஒரு கேள்வி. கலைக்கும் நாளில் இதே பட்டியலைத் தலைகீழாகப் போட்டால் போதாதா? கடைசியில் வந்தவர் முதலில் போகட்டும்.

டாக்காவலர்:
போதாது. உள்ளே வரும்போது இரண்டு நாளில் பரவி வருகிறார்கள், வெளியே போகும்போது மாலை மணி அடித்ததும் 60 பேரும் ஒரே நேரத்தில் கிளம்ப நிற்பார்கள். யார் எப்போது கட்டி முடிப்பார் என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. நேரம் போட்டுக் கொடுத்தால், அந்த நேரத்தில் வண்டி டாக்கில் ஒட்டி நிற்கும், சரக்கு இன்னும் பெட்டியில் ஏறியிருக்காது.

நாங்கள் செய்வது இது. மூடியதும் முதல் வேலை காலிப்பெட்டிகளை உள்ளே கொண்டுவருவது, அது முடியும் வரை எந்த வண்டிக்கும் டாக் கிடையாது. அந்த நேரத்தில் கையில் எடுத்துப் போகிறவர்களும் பக்கக் கதவு வேன்களும் போய்விடலாம். பிறகு தளத்தில் இருக்கும் மேற்பார்வையாளர் ஸ்டாலுக்குப் போய்ப் பார்த்து, எல்லாம் கட்டி முடிந்திருந்தால் ஒரு சீட்டு கொடுப்பார். அந்தச் சீட்டு ஓட்டுநரிடம் போனால்தான் அவர் வரிசைக்கு வர முடியும். இயந்திரங்கள் மட்டும் இதில் சேராது. சுற்றியுள்ள ஸ்டால்கள் பிரிந்து ஃபோர்க்லிஃப்ட் திரும்ப இடம் கிடைத்த பிறகுதான் அவை நகர முடியும்.

புதுஅரங்கு, ஹாலை எப்போது ஒப்படைக்க வேண்டும்?

புதுஅரங்கு:
மாலை 6-க்கு மூடி, மறுநாள் காலை 6-க்குள் ஒப்படைக்க வேண்டும். 720 நிமிடம்தான். நான் இப்போது எண்ணிப் பார்க்கும்போது கை நடுங்குகிறது. ஏற்றுவதற்கும் 1,230 நிமிடம் என்றால் எப்படி?

லாரித்தடம்:
ஏற்றுவது இறக்குவதைவிடக் கொஞ்சம் சீக்கிரம் முடியும். கொண்டுவந்ததில் பாதி விற்றுவிடுவார்கள், விளம்பரத் தாளெல்லாம் தீர்ந்திருக்கும்.

தச்சுப்பட்டறை:
இயந்திரத்தை யார் கையோடு வாங்கிப் போகப் போகிறார்கள்? என் மரச்சட்டங்களும் அப்படியேதான் திரும்ப வரும். அந்தக் கணக்கை நம்பாதீர்கள்.

டாக்காவலர்:
எவ்வளவு குறைத்தாலும் 720-க்குள் வராது. எனக்குத் தெரிந்து இரண்டு வழிதான். ஒன்று, சேர்த்து அனுப்பிய 4 லாரியின் சரக்கையும் இயந்திரங்களையும் கட்டி, ஷட்டர் பக்கம் ஒரு மூலையில் வைத்துவிட்டு மறுநாள் எடுப்பது. 7 பெரிய லாரிக்கான 455 நிமிடம் அன்றைய இரவிலிருந்து விலகும், மீதி 775. அப்போதும் 720-ஐத் தாண்டுகிறது, காலிப்பெட்டிகள் வரும் நேரத்தைச் சேர்க்காமலே. இன்னொன்று, ஒப்படைக்கும் நேரத்தை மதியம் வரை நீட்டிக் கேட்பது. இரண்டுமே சேர்ந்து வேண்டும் என்பதுதான் என் கருத்து. எழுத்தில் வாங்குங்கள்.

நேர்கோடு:
சிறு ஸ்டால்காரர்களை மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கட்ட அனுமதித்தால்?

சிறுதறி:
அது வேண்டாம். கடைசி ஒரு மணி நேரத்தில்தான் எங்களுக்கு வாங்குபவர்கள் வருகிறார்கள். பக்கத்து ஸ்டால் பெட்டி கட்ட ஆரம்பித்தால் பார்வையாளர் கண்காட்சி முடிந்தது என்று திரும்பிப் போய்விடுவார். நாங்கள் இரவு 9 மணி வரை காத்திருக்கத் தயார், எங்கள் முறை எப்போது வரும் என்று மட்டும் உண்மையாகச் சொல்லிவிடுங்கள்.

புதுஅரங்கு:
அரங்கத்தாரிடம் பேசினேன். மதியம் வரை தர முடியாது, மறுநாள் வேறு நிகழ்ச்சிக்குக் கம்பளம் விரிக்க வருகிறார்கள். ஆனால் ஷட்டர் பக்க மூலையை மட்டும் காலை 10 மணி வரை தருகிறார்கள், பெரிய லாரிகள் அங்கிருந்து ஏற்றிக்கொள்ளலாம், அவர்களுடைய கம்பள வண்டிக்கு இடையில் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. 6-லிருந்து 10 வரை 240 நிமிடம்தான், 7 லாரிக்கு 455 வேண்டும். எந்த மூன்று லாரியை மறுநாளுக்கு விடுவது, எந்த நாலை இரவிலேயே அனுப்புவது என்று இன்னும் முடிவாகவில்லை. இயந்திரங்களை மறுநாள் விடலாமா?

தச்சுப்பட்டறை:
விடலாம். ஆனால் இரவே அவற்றை மூலைக்கு நகர்த்தி வைக்க ஃபோர்க்லிஃப்ட் வேண்டும், காலையில் ஏற்ற மறுபடியும் வேண்டும். இரண்டு தடவைக்கும் ஓட்டுநர் ஏற்பாடு செய்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அப்புறம் அந்த மூலையின் நீள அகலத்தை அளந்து போடுங்கள். மூன்று இயந்திரமும் அங்கே நிற்குமா என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.